உங்கள் வீட்டுப் பலகாரம், வேறு நாட்டில் இருக்கும் சொந்தங்களுக்கு

இரண்டு நாள் அடுப்படியில் நின்று செய்த பலகாரம் தூளாகிப் போய்ச் சேர்ந்தால் மனசு எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். அதனால் தின்பண்டப் பார்சலை உங்கள் முன்னாலேயே கட்டுகிறோம்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: நன்றாக ஆறவிட்டுக் கொண்டு வாருங்கள். சூடு தணியாமல் மூடினால் உள்ளே ஆவி வேர்த்து, மொறுமொறுப்பு போய்விடும், பூஞ்சையும் பிடிக்கும். காற்றுப் புகாத இரட்டை உறை, அதற்கு மேல் கெட்டியான டப்பா, டப்பாவைச் சுற்றிக் காகிதம் எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பெட்டியைக் குலுக்கினால் சத்தம் வரக் கூடாது. வந்தால் பிரித்து மறுபடி கட்டுவோம்.

கட்டணம் எடையை மட்டும் பார்த்து வருவதில்லை. 40 × 30 × 30 செ.மீ. பெட்டியின் அளவுகளைப் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் 7.2 கிலோ. உள்ளே 4 கிலோதான் இருந்தாலும் 7.2 கிலோவுக்குத்தான் கணக்கு. அதனால் பொருளுக்கு ஏற்ற சின்னப் பெட்டியாகவே தேர்ந்தெடுத்துத் தருகிறோம்.

அப்புறம் சுங்கம். பலர் தடுமாறும் இடம் இது. படிவத்தில் "கிஃப்ட்" என்று மட்டும் எழுதினால் போதாது. என்ன பொருள், எத்தனை, எவ்வளவு எடை, என்ன மதிப்பு என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்லிக் கேட்காதீர்கள், நாங்கள் எழுத மாட்டோம். பிடிபட்டால் பார்சல் அங்கேயே நின்றுவிடும், அலைச்சல் வாங்குபவருக்குத்தான்.

ஒரு தனிநபர் இன்னொருவருக்கு அனுப்பும் பரிசுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 45 யூரோ வரையும், பிரிட்டனில் 39 பவுண்டு வரையும் வரிச்சலுகை உண்டு. மது, புகையிலை, வாசனைத் திரவியத்துக்கு விதி வேறு. பரிசின் மதிப்பு இந்த வரம்புக்கு மேல் போனால் வரி வரலாம் என்று வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். திடீரென்று பணம் கேட்டால் அவர்கள் பயந்துவிடுவார்கள்.

உணவுக்கான விதி இன்னும் கண்டிப்பானது. வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருள்களும் தனிப்பட்ட பார்சலில் போக முடியாது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் விதை, தேன், இறைச்சி விஷயத்தில் மிகக் கவனமாக இருக்கும். எனவே பெட்டியை மூடும் முன் ஒவ்வொரு பலகாரத்திலும் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்போம். நெய்யா எண்ணெயா, பால் உண்டா, எள் தூவினீர்களா? தொந்தரவாக நினைக்காமல் சொல்லுங்கள். போகாத பொருளை இங்கேயே எடுத்து உங்கள் கையில் கொடுத்துவிடுவோம். அதற்குப் பிறகும் கடைசி முடிவு சுங்க அதிகாரியுடையதுதான். "கட்டாயம் போகும்" என்று பொய்யாக வாக்குக் கொடுக்க எங்களால் முடியாது.

பவர் பேங்க், தனி லித்தியம் பேட்டரி, ஸ்ப்ரே, சென்ட், ரொக்கப் பணம் எதையும் வாங்குவதில்லை. துணி, பொம்மை, புத்தகம் தாராளமாக வைக்கலாம். பரிசைத் தாளில் சுற்றாமல் கொண்டு வாருங்கள். சோதனைக்குப் பிரித்தால் உங்கள் உழைப்பு வீணாகும். அழகுத் தாளை மடித்து உள்ளே வைத்தால் அங்கே சுற்றிக்கொள்வார்கள்.

வாங்குபவரின் முழுப் பெயர், அஞ்சல் குறியீடு, அந்த நாட்டுத் தொலைபேசி எண் மூன்றும் கையில் இருக்கட்டும். திங்கள் முதல் சனி வரை, காலை 9 முதல் இரவு 7 வரை திறந்திருப்போம். மாலை 4 மணிக்குள் தந்த பார்சல் அன்றைக்கே கிளம்பும்.