கோயிலில் நிகழ்ந்த சேதம் தொடர்பாக அடியார்களுக்கும் அயலவர்களுக்கும் பரிபாலன சபை விடுக்கும் அறிக்கை

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் செல்லும் வீதியை அண்டிய எமது ஊரின் குளக்கட்டுப் பிள்ளையார் கோயிலில், கடந்த செவ்வாய்க்கிழமை இரவு சிலர் புகுந்து சேதம் விளைவித்துள்ளனர். இதைப் பற்றி உண்மையும் உண்மையல்லாதவையும் கலந்து பல செய்திகள் பரவி வருவதால், நாங்கள் நேரில் கண்டவற்றையும் அடுத்து நடக்கவிருப்பவற்றையும் அடியார்களுக்கும், இக்கோயிலைச் சுற்றி வாழும் ஏனைய சமயத்து அயலவர்களுக்கும் ஒரே அறிக்கையில் தெரிவிக்கிறோம். ஒரு பகுதியினருக்கு ஒன்றும் மறு பகுதியினருக்கு வேறொன்றுமாகச் சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை.

புதன்கிழமை விடியற்காலை ஐந்து மணியளவில் கோயிலைத் திறக்க வந்த பூசகர், வெளிப் படலையின் பூட்டு அறுக்கப்பட்டிருந்ததைக் கண்டார். வைரவர் சூலம் பிடுங்கப்பட்டுக் குளக்கட்டின் சரிவில் எறியப்பட்டிருந்தது. வாசலுக்கு மேலிருந்த சீமெந்துப் பிள்ளையார் உருவத்தின் துதிக்கையும் வலக்கையும் உடைக்கப்பட்டிருந்தன. உண்டியல் நெம்பித் திறக்கப்பட்டு, அதிலிருந்த பணம் எடுக்கப்பட்டிருந்தது. வசந்த மண்டபச் சுவரில் பாவித்துக் கழித்த இயந்திர எண்ணெய் ஊற்றப்பட்டிருந்தது. மூலஸ்தானத்தின் கதவு திறக்கப்படவில்லை. மூலவருக்கு எந்தச் சேதமும் இல்லை. சுவரில் எந்த வாசகமும் எழுதப்படவில்லை, எந்தச் சமயத்தின் அடையாளமும் வரையப்படவில்லை. இரண்டாகப் பிளந்த கருங்கல் விக்கிரகத்தைக் காட்டி, எமது மூலவர் என்று கைபேசிகளில் பகிரப்படும் படம் எமது கோயிலில் எடுக்கப்பட்டதன்று. அப்படத்தை இனியும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியவர்கள், அது தவறு என்பதை அனுப்பிய இடங்களுக்கே அறிவியுங்கள்.

இதைச் செய்தவர் யார் என்பது எங்களுக்குத் தெரியாது. உண்டியல் பணம் போனதைப் பார்த்தால் களவு என்று தோன்றுகிறது. எண்ணெய் ஊற்றியதைப் பார்த்தால் அவமதிக்கும் எண்ணம் என்று தோன்றுகிறது. களவை மறைப்பதற்காகவே எண்ணெய் ஊற்றினார்களோ என்று நினைக்கவும் இடமிருக்கிறது. சபைக் கூட்டத்தில் இரண்டு மணிநேரம் விவாதித்தும் நாங்கள் ஒரு முடிவுக்கு வரவில்லை. வருவது எங்கள் வேலையுமன்று. அன்று காலை ஏழு மணிக்கே பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதிவு செய்தோம். பிற்பகலில் தடயங்களைச் சேகரிப்போர் வந்து பூட்டு, உண்டியல், சுவர் ஆகியவற்றைப் பரிசோதித்துச் சென்றனர். விசாரணை நடைபெறுகிறது.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்துத் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். புதன்கிழமை காலை கூடியிருந்தவர்களின் முன்னிலையில், சபை உறுப்பினர் ஒருவர் ஆத்திரத்தில், தெற்குப் பக்கத்துக் கத்தோலிக்கச் சிற்றாலயத்தைச் சேர்ந்தவர்கள்தான் இதைச் செய்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டார். அவரிடம் அதற்கு ஆதாரம் எதுவும் இருக்கவில்லை. அவரே சபையில் அதை ஏற்று வருந்தினார். ஆனால் அந்த ஒரு சொல், மதியத்திற்குள் இரண்டு இளைஞர்களின் பெயர்களைச் சேர்த்துக்கொண்டு, வட்ஸ்அப் குரல் பதிவாக வெளிநாடு வரை போய்விட்டது. அந்த இரண்டு பெயர்களையும் நாங்கள் பொலிஸாரிடம் கொடுக்கவில்லை; கொடுப்பதற்கு எந்தக் காரணமும் எங்களிடம் இல்லை. அந்தக் குடும்பங்கள் அச்சத்தினால் இன்று பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பவில்லை என்று அறிந்தோம். அந்தப் பெற்றோரிடம் சபையின் சார்பில் நேரில் சென்று வருத்தம் தெரிவித்துள்ளோம். இங்கே எழுத்திலும் தெரிவிக்கிறோம்.

புதன்கிழமை இரவு சிற்றாலயத்தின் தகரக் கூரை மீது கல் எறியப்பட்டதையும் நாங்களே பொலிஸாருக்கு அறிவித்தோம். அந்தக் கல்லை எறிந்தவர் பிள்ளையாருக்காக எறிந்ததாக நினைத்திருந்தால், அவருக்கு இக்கோயில் ஒருபோதும் அந்த அதிகாரத்தைக் கொடுக்கவில்லை என்பதை அறிந்துகொள்ளட்டும். சமயத்தை அவமதிக்கும் நோக்குடன் வழிபாட்டிடம் ஒன்றைச் சேதப்படுத்துவதைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 290 ஆம் பிரிவு, கோயிலென்றும் சிற்றாலயமென்றும் பிரித்துப் பார்ப்பதில்லை. குரல் பதிவு செய்கிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பகைமையையோ வன்முறையையோ தூண்டும் வகையில் சமய வெறுப்பைப் பரப்புவது, 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் குற்றமாகும்.

புதன்கிழமை காலை செய்தி அறிந்து முதலில் வந்தவர்கள் யார் என்பதை எல்லோரும் அறிய வேண்டும். விளக்குமாறும் வாளியும் எடுத்துக்கொண்டு வந்தவர்கள் சிற்றாலயத்துப் பெண்களே. பொலிஸார் வரும்வரை எதையும் தொடக்கூடாது என்று நாங்கள் சொன்னதால், அவர்கள் திரும்பிப் போகாமல் வீதியோர மருதமரத்தின் கீழ் நான்கு மணிநேரம் காத்திருந்தார்கள். 2009 இல் எல்லோருமே எல்லாவற்றையும் விட்டுச் சென்று, பின்னர் முகாம்களிலிருந்து திரும்பியபோது, இந்த ஊரில் கூரையுள்ள கட்டடம் ஒன்றும் இருக்கவில்லை. துப்புரவாக்கிய முதல் கிணறு கோயில் கிணறுதான், அதில் முதல் வாளி அள்ளியவர் எந்தச் சமயத்தவர் என்று அன்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கிணற்றுக்கு இந்த இரண்டு நாட்களாகச் சில வீட்டார் வரவில்லை என்பது, உடைந்த துதிக்கையை விட எங்களுக்குப் பெரிய கவலையாக இருக்கிறது.

ஆகவே அடியார்களைக் கேட்டுக்கொள்வது இதுதான். கோயில் முன்றலிலோ சிற்றாலயத்துக்குச் செல்லும் ஒழுங்கையிலோ இருட்டிய பின் கூட்டமாக நிற்க வேண்டாம். இரவுக் காவலுக்குச் சபையிலிருந்து நால்வரும், அயலவர்களிலிருந்து தாமாக முன்வந்த இருவரும் பொறுப்பேற்றுள்ளனர். அவர்கள் கையில் டோர்ச் லைட் மட்டுமே இருக்கும், தடியோ கத்தியோ இருக்காது. ஆத்திரம் அடங்காத இளைஞர்கள் எந்த நேரத்திலும் எங்களிடம் வந்து பேசலாம். திட்டுவதானாலும் எங்களைத் திட்டுங்கள்.

வெள்ளிக்கிழமைப் பூசை வழமைபோல் நடைபெறும். பொலிஸாரின் அனுமதி கிடைத்துள்ளதால், சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு எண்ணெய் படிந்த சுவரைக் கழுவும் சிரமதானம் நடைபெறும்; அதற்கு அயலவர் அனைவரையும் அழைக்கிறோம். தங்கள் சமய நம்பிக்கையின்படி கோயிலுக்குள் வர விரும்பாதவர்களுக்கு வெளி வீதியிலும் குளக்கட்டிலும் வேலை இருக்கிறது, யாரும் சங்கடப்பட வேண்டியதில்லை. பிராயச்சித்த அபிஷேகம் ஞாயிற்றுக்கிழமை காலை நடைபெறும். வாசல் உருவத்தைத் திருத்தும் வேலையை ஸ்தபதி வந்து பார்த்த பின்னரே தீர்மானிப்போம்.

புலம்பெயர்ந்து வாழும் எமது ஊரவர்களுக்கு: திருத்த வேலைக்காக இதுவரை எவரிடமும் பணம் சேர்க்கத் தொடங்கவில்லை. எமது கோயிலின் பெயரில் யாராவது கேட்டால், கொடுப்பதற்கு முன்னர் சபையிடம் விசாரியுங்கள். இங்குள்ள உறவினர்களுடன் பேசும்போது, யார் செய்தது என்று கேட்டு அவர்களை நெருக்காதீர்கள். தெரியாதவரைப் பல முறை கேட்டால் ஏதாவதொரு பெயர் வாயில் வரத்தான் செய்யும்.

செவ்வாய்க்கிழமை நள்ளிரவுக்குப் பின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதாக ஒரு வீட்டார் சொல்லி, அதைப் பொலிஸாரிடமும் பதிவு செய்துள்ளனர். வேறு எவரும் எதையேனும் கண்டிருந்தாலோ கேட்டிருந்தாலோ, பொலிஸாரிடமோ கிராம அலுவலரிடமோ தெரிவியுங்கள். சந்திக் கடைகளின் கமெராப் பதிவுகளை அழியாமல் வைத்துப் பொலிஸாரிடம் மட்டும் ஒப்படைக்குமாறும், முகநூலில் இட வேண்டாம் எனவும் கடைக்காரர்களை வேண்டுகிறோம்.

அயலவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கிணற்றுப் படலை பூட்டப்படவில்லை, வழமைபோல் வந்து தண்ணீர் அள்ளுங்கள். உங்களில் எவரையாவது யாரேனும் மிரட்டினால், அவர் எங்கள் அடியாராக இருந்தாலும் மறைக்காமல் பொலிஸாருக்கும் எங்களுக்கும் சொல்லுங்கள். பங்குத்தந்தையுடனும் இதைப் பேசியுள்ளோம். இந்த அறிக்கை ஞாயிறு திருப்பலியின் பின்னரும் வாசிக்கப்படும்.

விசாரணையில் புதிதாக ஏதேனும் அறியவந்தால், ஞாயிற்றுக்கிழமை அபிஷேகத்தின் பின் கோயில் முன்றலில் அறிவித்து, அறிவித்தல் பலகையிலும் ஒட்டுவோம். சபையின் முத்திரை இல்லாத எந்தச் செய்தியும் எங்களுடையதன்று.

இவ்வண்ணம்,
பரிபாலன சபையினர்,
குளக்கட்டுப் பிள்ளையார் கோயில்.
வியாழக்கிழமை மாலை.