கடலை மிட்டாய்க் கடைக்கு வலைத்தளம்: செலவு விவரமும் கால அட்டவணையும்

திருநெல்வேலி
20.07.2026

அண்ணாச்சிக்கு வணக்கம்.

சனிக்கிழமை கோவில்பட்டிக் கடையில் பேசியதை வைத்து முழுக் கணக்கையும் எழுதியிருக்கிறேன். மதினியும் தம்பியும் சேர்ந்து ஒருமுறை படித்துவிடுங்கள்.

முதலில் டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர். பழைய தளம் எப்படிப் போனது என்று நீங்கள் சொன்னதிலிருந்து அதுதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. செய்து கொடுத்தவர் டொமைனைத் தன் மின்னஞ்சலில், தன் போன் எண்ணில் பதிந்திருக்கிறார். புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல் எல்லாம் அவருக்கே போயிருக்கிறது. அவர் எண்ணை மாற்றிவிட்டார், பெயர் காலாவதி ஆகிவிட்டது. இன்றைக்கு அந்த முகவரியை வேறு யாரோ வைத்திருக்கிறார்கள். ஆனால் உங்கள் 200 கிராம் பாக்கெட்டின் பின்பக்கத்தில் இன்னும் அதே முகவரிதான் அச்சாகி வருகிறது. கடையில் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தபோது எனக்கே சங்கடமாக இருந்தது.

அதனால் இந்த முறை டொமைன், தளத்தை வைக்கும் இடமான ஹோஸ்டிங் இரண்டையும் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கார்டில் வாங்குகிறோம். நான் கடைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்து வாங்கித் தருகிறேன். கடவுச்சொல் உங்கள் நோட்டில் இருக்கும். நாளைக்கு நான் இந்தத் தொழிலையே விட்டுப் போனாலும் உங்கள் தளம் உங்களிடமே இருக்கும்.

முதல் வருடச் செலவு இது:

| விவரம் | ரூபாய் |
|---|---|
| டொமைன், .in மற்றும் .com, 1 வருடம் | 2,000 |
| ஹோஸ்டிங், 1 வருடம் | 3,000 |
| புகைப்படக்காரர், அரை நாள் | 5,000 |
| வடிவமைப்பும் தளம் கட்டுவதும், 7 பக்கம் | 22,000 |
| தமிழ், ஆங்கில வாசகம் எழுதுவது | 4,000 |
| வாட்ஸ்அப் ஆர்டர் வசதி | 4,000 |
| சோதனை, வெளியீடு, கூகுள் மேப்பில் கடையைச் சரிசெய்வது | 2,000 |
| மொத்தம் | 42,000 |

இதில் முதல் மூன்று வரிகள், அதாவது 10,000 ரூபாய், என் கைக்கு வராது. நீங்களே நேராகக் கட்டுவது. டொமைன், ஹோஸ்டிங் தொகையில் 18% ஜிஎஸ்டி சேர்த்தே போட்டிருக்கிறேன். வாங்கும் அன்றைய விலையில் நூறு இருநூறு முன்னே பின்னே இருக்கலாம், பில்லில் உள்ளதுதான் கணக்கு. மீதி 32,000 என் வேலைக்கு. நான் ஜிஎஸ்டி வரம்புக்குள் வராததால் அதற்கு மேல் வரி கிடையாது.

விளம்பரத்தில் 99 ரூபாய்க்கு டொமைன் என்று வருகிறதே என்று தம்பி கேட்டார். அது பெரும்பாலும் முதல் வருடத்துக்கு மட்டும். அடுத்த வருடம் முழு விலை கேட்பார்கள். நான் போட்டிருப்பது முழு விலை. ஹோஸ்டிங்கிலும் இதே கதைதான், இரண்டாம் வருடம் 4,800 ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்எல் சான்றிதழ் (முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் வருமே, அதுதான்) இலவசமாகவே கிடைக்கிறது. அதற்குத் தனியாகப் பணம் கேட்டு யார் போன் செய்தாலும் கொடுக்காதீர்கள்.

தளத்தை வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் கட்டுகிறேன். அதற்கு உரிமக் கட்டணம் இல்லை. இன்னொருவரிடம் கொடுத்தாலும் எளிதாக எடுத்து நடத்துவார்கள். ஏழு பக்கம் என்றால் முகப்பு, கடையின் கதை, மிட்டாய் வகைகள், மொத்த வியாபாரம், கல்யாண ஆர்டர், தொடர்பு, அப்புறம் அனுப்பும் முறையும் திருப்பி எடுக்கும் விதியும் சேர்ந்த ஒரு பக்கம்.

கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை முகப்பிலேயே சொல்வோம். ஆனால் அந்த முத்திரையைப் போட வேண்டுமானால் உங்கள் பெயரில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளர் பதிவு இருக்க வேண்டும். சங்கத்தில் கேட்டு எண்ணை வாங்கி வையுங்கள். இல்லையென்றால் முத்திரை இல்லாமல் வெறும் செய்தியாக மட்டும் எழுதுகிறேன்.

ஆன்லைனில் பணம் வாங்கும் வசதியை இதில் சேர்க்கவில்லை. வேண்டுமென்றே விட்டேன். இப்போது உங்களுக்கு ஆர்டர் வருவதெல்லாம் வாட்ஸ்அப்பில், பணம் வருவது ஜிபேயில். வாடிக்கையாளர் தளத்தில் மிட்டாயையும் எடையையும் தேர்ந்தெடுத்து ஒரு பொத்தானை அழுத்தினால், பட்டியல் அப்படியே உங்கள் வாட்ஸ்அப்புக்கு வரும். இந்தத் தீபாவளிக்கு அது போதும். பிறகு தேவைப்பட்டால் 12,000 ரூபாயில் செய்து தருகிறேன். பேமென்ட் கேட்வே ஏறக்குறைய 2 சதவீதம் பிடிக்கும், அதற்கு மேல் ஜிஎஸ்டி. 500 ரூபாய் பார்சலில் 11 ரூபாய் 80 காசு போய்விடும். உங்கள் லாபத்தில் அது சிறிய தொகை இல்லை.

தேதிகளைப் பார்ப்போம். தீபாவளி நவம்பர் 8. வெளியூர் ஆர்டர் சூடுபிடிக்க ஒரு மாதமாவது முன்பே தளம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதனால் செப்டம்பர் 7, திங்கட்கிழமை திறப்பது என்று வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 3 திங்கள் அன்று டொமைனும் ஹோஸ்டிங்கும் வாங்குகிறோம். 6-ஆம் தேதி வியாழன் காலை 6 மணிக்குப் புகைப்படக்காரரோடு வருகிறேன். பாகு காய்ச்சிக் கடலையைக் கொட்டிக் கிளறி, பலகையில் பரப்பிக் கட்டையை உருட்டும் நேரத்தைப் பிடிக்க வேண்டும். அந்தப் பளபளப்பு ஆறிய பிறகு படத்தில் வராது. கடலைமிட்டாய் என்று தேடினால் கிடைக்கிற படத்தை எடுத்துப் போட்டால் எல்லாக் கடையும் ஒன்றுபோல்தான் இருக்கும், அதனால்தான் இந்த 5,000-ஐக் குறைக்கச் சொல்லாதீர்கள் என்று கேட்கிறேன்.

ஆகஸ்ட் 14 அன்று முகப்பின் மாதிரியை உங்கள் போனிலேயே காட்டுகிறேன். இரண்டு முறை திருத்தம் விலைக்குள் அடங்கும். 17 முதல் 28 வரை மற்றப் பக்கங்கள். கடைசி வாரம் சோதனை. வீட்டில் இருக்கும் பழைய போன்களை எல்லாம் எடுத்து வையுங்கள், மெதுவான போனிலும் சட்டென்று திறக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்தத் தேதிகள் நிற்பது ஒரே ஒரு விஷயத்தைப் பொறுத்தது. விலைப்பட்டியல், ஒவ்வொரு பாக்கெட்டின் எடை, எத்தனை நாள் கெடாமல் இருக்கும், எஃப்எஸ்எஸ்ஏஐ 14 இலக்க எண், ஜிஎஸ்டி எண் ஆகியவை ஆகஸ்ட் 10-க்குள் என் கையில் வேண்டும். ஒரு வாரம் தள்ளினால் திறப்பும் ஒரு வாரம் தள்ளும்.

புது பாக்கெட் அச்சடிக்க ஆகஸ்ட் 3-க்கு முன் கொடுத்துவிடாதீர்கள். டொமைன் கைக்கு வந்த அன்றே சரியான முகவரியையும் க்யூஆர் கோடையும் அனுப்புகிறேன். இருக்கிற பழைய பாக்கெட்டுக்குச் சின்ன ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம்.

திறந்த பிறகு டிசம்பர் 7 வரை மூன்று மாதம் பராமரிப்பு இலவசம், தீபாவளிக் கூட்டமும் அதற்குள் வந்துவிடும். அதன்பின் வருடத்துக்கு 6,000. வாரம் ஒரு பேக்கப் (ஒரு பிரதி உங்கள் கூகுள் டிரைவிலும் இருக்கும்), வேர்ட்பிரஸ் அப்டேட், விலை மாற்றம், மாதம் இரண்டு மணி நேரம் வரை சின்ன வேலைகள் இதில் சேரும். இரண்டாம் வருடத்திலிருந்து டொமைன் 2,000, ஹோஸ்டிங் 4,800, பராமரிப்பு 6,000, ஆக 12,800. பராமரிப்பு வேண்டாமென்றால் 6,800 கட்டினால் தளம் ஓடும். ஆனால் அப்டேட் செய்யாத வேர்ட்பிரஸ்ஸில் யாராவது புகுந்துவிட வாய்ப்பு அதிகம், யோசித்துச் செய்யுங்கள்.

டொமைன் நாள் தவறினால் சில வாரம் அவகாசம் உண்டு. அதுவும் தாண்டினால் அபராதம் பெரியது, பிறகு யார் வேண்டுமானாலும் வாங்கலாம். எனவே டொமைனை மட்டும் மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிவிடலாம் என்பது என் எண்ணம். கூடுதலாக 4,000 ஆகும், உங்கள் இஷ்டம்.

என் 32,000-இல் தொடங்கும்போது 12,800, மாதிரி பிடித்துப்போனதும் 12,800, தளம் திறந்த பின் 6,400.

ஜூலை 27-க்குள் சரி என்று ஒரு வார்த்தை வாட்ஸ்அப்பில் போட்டால் புகைப்படக்காரரின் 6-ஆம் தேதிக் காலையை உறுதி செய்துவிடுகிறேன்.

அன்புடன்,
தங்கள் தம்பி