விபத்தை மறைத்து விற்ற கார்: பணத்தை மீளக் கோரல்

பதிவுத் தபால்
வெள்ளவத்தை, கொழும்பு 06
2025.09.02

முகாமையாளர் அவர்கட்கு,

2025.08.11 அன்று உங்களிடம் 62 இலட்சம் ரூபாவுக்கு வாங்கிய 2017 வேகன் ஆர் "எக்சிடன்ட் இல்லாதது" என்று உங்கள் விளம்பரத்திலேயே இருந்தது.

ஓகஸ்ட் 28இல் கராஜில் லிஃப்டில் ஏற்றிப் பார்த்தோம். வலது முன் மட்காட்டில் பெயின்ட் தடிப்பு 380 மைக்ரோன், இடப்பக்கத்தில் 110. வலது அப்ரனில் கம்பனி ஸ்பொட் வெல்டுகள் இல்லை, கையால் ஒட்டிய வெல்டின் மேல் சீலன்ட் பூசியிருக்கிறது. பொனட் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட கீறல். முன் டயர் உட்பக்கம் மட்டும் தேய்கிறது. சாவி போட்டால் எயார்பேக் லைட் எரிவதே இல்லை. ஸ்டியரிங்கில் எயார்பேக்குக்குப் பதில் ரெசிஸ்டர் ஒன்று. இது உயிர் விடயம். மற்றவற்றோடு சேர்த்து எண்ண வேண்டாம்.

வாகனத்தையும் பதிவுப் புத்தகத்தையும் ஏற்று முழுப் பணத்தையும் தாருங்கள். இல்லையெனில் 9 இலட்சம் குறையுங்கள்: எயார்பேக், அப்ரன் வேலைக்கு 4, மறுவிற்பனை இழப்புக்கு 5.

14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறையிடுவேன். அதுவரை எதையும் கழற்றவோ திருத்தவோ மாட்டேன்; உங்கள் மெக்கானிக் வந்து பார்க்கலாம்.

இணைப்பு: பற்றுச்சீட்டு, விளம்பரப் பிரதி, கராஜ் அறிக்கை, 14 படங்கள்.

இப்படிக்கு,
வாகனத்தைக் கொள்வனவு செய்தவர்