கைவிசேடத்துக்கு முன்னாலேயே வந்துவிட்ட கடிதம்

கல்லடி
ஏப்ரல் 12, ஞாயிறு இரவு

அன்பின் சுகந்தி,

முதலில் வாழ்த்து, மற்றதெல்லாம் பிறகு. வேலை கிடைத்ததற்கு ஒன்று, பிறக்கப் போகிற சித்திரைப் புத்தாண்டுக்கு ஒன்று. இரண்டையும் ஒரே வரியில் முடித்திருக்கலாம். ஆனால் அப்படிச் சேர்த்தால் உன் வேலை பலகாரத் தட்டோடு தட்டாகப் போய்விடும். வருடம் எப்படியும் பிறக்கும், அதற்கு நீ ஒன்றும் செய்யவில்லை. இந்த வேலைக்கு நீதான் பாடுபட்டாய். அதனால் பெரிய வாழ்த்து அதற்கு.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நீ அந்த வேலைக் கடிதத்தைப் போனில் அனுப்பியபோது நான் கந்தோரில் சம்பளப் பட்டியலுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். புத்தாண்டுக்கு முன்னால் முற்பணம் கேட்டு எல்லோரும் வரிசையில் நிற்கிற நேரம். நான் போட்ட சத்தத்தில் மனேஜரே எழும்பி வந்து பார்த்தார். "என்ன பிள்ளை, லொத்தர் விழுந்திட்டுதோ?" என்றார். "இல்லை சேர், சிநேகிதிக்கு வேலை விழுந்திட்டுது" என்றேன். "அது லொத்தரை விடக் கஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மனிதர் பகிடி விட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான்.

கொழும்பில், உணவுக் கம்பனியில் தரக் கட்டுப்பாடு! நினைக்க நினைக்கச் சிரிப்பு வருகிறது. வந்தாறுமூலை விடுதியில் யார் வீட்டிலிருந்து என்ன பலகாரம் வந்தாலும் முதலில் உன் கையில்தான் போகும். முறுக்கை உடைத்துப் பார்த்து எண்ணெய் பழசு என்பாய். பயற்றம் உருண்டையை மணந்து பார்த்து, பயறு வறுத்தது காணாது என்பாய். தொதலைக் கையால் அழுத்தி, எண்ணெய் பிரிய முதலே இறக்கிவிட்டார்கள் என்று தீர்ப்பே சொல்லிவிடுவாய். அத்தனையும் இலவசச் சேவை. இனி அதற்கே மாதம் முடியச் சம்பளம். ஃபர்சானாவுக்குச் சொன்னேன், "அவளுக்கு இன்ரவியூவே தேவையில்லை, ஒரு தட்டுப் பலகாரம் வைத்திருந்தால் போதும்" என்றாள்.

பகிடி ஒரு பக்கம் இருக்கட்டும். பட்டம் எடுத்த பிறகு நீ காத்திருந்த காலம் எனக்குத் தெரியும். அரச நியமனத்துக்கு விண்ணப்பம் போட்டுப் போட்டு வைத்ததும், காந்திப் பூங்காவில் பட்டதாரிகள் வேலை கேட்டுப் பந்தல் போட்டு இருந்தபோது நீயும் போய் இருந்துவிட்டு வெயிலில் கறுத்துப்போய் வந்ததும், சாதாரண தரப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்து உன் செலவைப் பார்த்துக்கொண்டதும் தெரியும். போன புத்தாண்டுக்குச் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போகாமல் தலைவலி என்று படுத்திருந்தாய். "இன்னும் ஒன்றும் சரிவரவில்லையோ?" என்ற கேள்விக்குப் பயந்துதான் அந்தத் தலைவலி. இந்த முறை எல்லா வீட்டுக்கும் போ. கேட்காதவர்களுக்கும் சொல்லு.

இனி உன் அம்மாவின் விசயம். நல்ல நேரம் பார்க்காமல் கம்பனிக்குப் பதில் அனுப்பக் கூடாது என்கிறார், கம்பனியோ 17 ஆம் திகதிக்குள் பதில் கேட்கிறது என்று எழுதியிருந்தாய். இதில் சண்டை பிடிக்க ஒன்றுமில்லை. அம்மா சொல்வதிலேயே வழி இருக்கிறது. வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்லும், திருக்கணிதம் இன்னொரு நேரம் சொல்லும். புத்தாண்டு பிறக்கிற நேரத்திலேயே இரண்டும் ஒத்துப்போவதில்லை. மருத்துநீர் வைக்க, கைவிசேடம் கொடுக்க என்று இரண்டிலும் வெவ்வேறு நேரங்கள் போட்டிருக்கும். அவ்வளவு நல்ல நேரத்தில் 17 க்கு முன்னால் ஒன்று அகப்படாதா? கைவிசேட நேரத்தில் அம்மாவிடம் வெற்றிலையும் நெல்லும் காசும் வாங்கு, காலில் விழுந்து கும்பிடு, அப்படியே எழும்பிப் போய் அந்த மின்னஞ்சலை அனுப்பு. கையில் முதல் காசு வாங்கிய நேரத்திலேயே வேலைக்கும் ஓம் சொன்னதாக இருக்கும். அதை விட நல்ல நேரம் எந்த ஐயராலும் குறித்துத் தர ஏலாது. அம்மாவுக்கு இதை நான் சொன்னதாகவே சொல்லு. என் மேல் அவருக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது.

ஆடி கழிந்து, ஆவணியில் போய்ச் சேரட்டும் என்று மாமா சொல்கிறாராம். அதற்கு மட்டும் தலையாட்டாதே. பாசத்தில்தான் சொல்கிறார், ஆனால் கணக்கு வேறு. உன் கடிதத்தில் லீவெல்லாம் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி என்று போட்டிருக்கிறது. அந்தச் சட்டத்தில், ஏப்ரல் முதலாம் திகதிக்கும் ஜூன் 30 க்கும் இடையில் சேருகிறவருக்கு அடுத்த வருடம் சம்பளத்தோடு 10 நாள் வருடாந்த லீவு. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை சேர்ந்தால் 7 நாள்தான். ஒக்டோபரிலிருந்து என்றால் வெறும் 4. ஆவணிக்குப் பார்த்திருந்தால் அடுத்த புத்தாண்டுக்கு ஊரில் நிற்கிற நாளில்தான் கை வைக்க வேண்டி வரும். இதை மாமாவிடம் இப்படியே சொல்லு, பேசாமல் இருந்துவிடுவார். கம்பனி சொன்ன மே 4 திங்கட்கிழமையே போய்ச் சேர்.

ஒரு கவலையான செய்தியும் இருக்கிறது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முதல் வருடத்தில் இரண்டு மாதம் வேலை செய்தால்தான் ஒரு நாள் கெஷுவல் சேரும். அதனால் வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்திக்கு லீவு கேட்டு நிற்காதே, கையில் ஒன்றும் இருக்காது. காரைதீவுப் பிள்ளைக்குக் குளிர்த்தி இல்லாத வைகாசி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். போயா நாளோ சனி ஞாயிறோ பக்கத்தில் வந்தால் இரவு பஸ்ஸில் ஓடி வந்துவிட்டுப் போ. வராவிட்டாலும் அம்மன் கோபிக்க மாட்டா. உன் பேரில் நான் வந்து அர்ச்சனை செய்கிறேன்.

கடிதத்தில் சம்பளப் பகுதியையும் பார்த்தேன் (நீ கேட்கவில்லை, ஆனால் சம்பளப் பிரிவில் இருக்கிறவள் கண் வேறு எங்கே போகும்). ஈ.பி.எஃப் உன் பக்கம் 8 வீதம், கம்பனி பக்கம் 12 வீதம், ஈ.டி.எஃப் கம்பனி 3 வீதம். அது எல்லா இடமும் ஒன்றுதான். பார்க்க வேண்டியது அடிப்படைச் சம்பளம். சில இடங்களில் அடிப்படையைச் சின்னதாகப் போட்டு, மிச்சத்தை அது இது என்று அலவன்ஸாகக் காட்டுவார்கள். மாத முடிவில் கைக்கு வருகிற காசு பெரிதாகத் தெரியும், சேமலாப நிதிக்குப் போகிறது சுருங்கிவிடும். உன்னுடையதில் அப்படி இல்லை. அடிப்படைதான் பெரிய பங்கு. ஒழுங்கான இடம் போலத்தான் இருக்கிறது. ஆறு மாதம் தகுதிகாண் காலம் என்று இருப்பதைப் பார்த்துப் பயப்படாதே, எனக்கும் அப்படித்தான் இருந்தது.

தங்குகிற இடத்துக்கு வெள்ளவத்தையில் என் சின்னம்மாவிடம் கேட்டிருக்கிறேன். அவர் வீட்டு மேல் மாடியில் மட்டக்களப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருத்தி மே மாதம் போகிறாளாம். சின்னம்மா கொஞ்சம் கண்டிப்பு, இரவு எட்டரைக்குப் பிறகு கதவு தட்டினால் முகம் மாறும். ஆனால் மீன் குழம்பு நம் ஊர்ப் பதம். கொழும்பில் அது பெரிய விசயம் என்பது போன பிறகுதான் உனக்கு விளங்கும். அம்மாவுக்கு இதைச் சொன்னால் பாதிப் பயம் போய்விடும்.

சரி, புத்தாண்டுக்கு வருகிறேன். இங்கே சாமான் எல்லாம் வாங்கியாயிற்று. அம்மா கொக்கீஸ் அச்சைத் தேடி எடுத்துக் கழுவி வைத்திருக்கிறார். நேற்று பஸாருக்குப் போய் உடுப்பு வாங்கி வருவதற்குள் சட்டை நனைந்துவிட்டது, அவ்வளவு சனம், அவ்வளவு வெக்கை. பஞ்சாங்கத்தில் போட்ட நிறத்தில் சாரி கிடைக்கவில்லை. கடைக்காரப் பொடியன் கிட்டத்தட்ட அதே நிறம்தான் என்று ஒன்றைத் தலையில் கட்டிவிட்டான். கோயிலில் மருத்துநீர் கொடுக்கிறார்கள் என்று தம்பி போத்தலோடு போயிருக்கிறான். புத்தாண்டு அன்று பின்னேரம் கழக மைதானத்தில் கிடுகு பின்னும் போட்டி, தலையணைச் சண்டை, வழுக்கு மரம் எல்லாம் இருக்கிறது. அம்மா இந்த முறையும் கிடுகுக்குப் பேர் கொடுத்திருக்கிறார். தோற்றால் ஓலை சரியில்லை என்பார்.

புதன்கிழமை நானும் ஃபர்சானாவும் வருகிறோம். நான் இங்கே அக்கரைப்பற்று பஸ் ஏறுவேன், அவள் காத்தான்குடியில் ஏறுவாள், பதினொரு மணிக்கு முன் காரைதீவுச் சந்தியில் இறங்கிவிடுவோம். உனக்கென்று ஒரு வட்டிலப்பச் சட்டி கொண்டு வருகிறாளாம். அவளுடைய உம்மா விசயத்தைக் கேட்டதும் "அந்தப் பிள்ளைக்கா? அல்லாஹ் பறக்கத் செய்யட்டும்" என்று சொல்லிவிட்டு உடனே முட்டை எண்ணத் தொடங்கிவிட்டாராம். பஸ்ஸில் அதை யார் மடியில் வைத்திருப்பது என்று இப்போதே எங்களுக்குள் சண்டை.

பிறக்கிற பராபவ வருடம் உனக்கும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தம்பிக்கும் நல்லதாக இருக்க வேண்டும். அப்பாவின் சிறுபோகத்துக்குத் தண்ணீர் நேரத்துக்கு வர வேண்டும். அம்மாவின் முழங்கால் நோ குறைய வேண்டும். தம்பி உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுக்க வேண்டும், உன் நோட்ஸைத் தொலைக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. உனக்குப் புது வேலையில் நல்ல மனிதர்கள் கிடைக்க வேண்டும். தெரியாததைக் கேட்டால் முகம் சுளிக்காத ஒரு மேலதிகாரி, மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பகிர்ந்து சாப்பிட ஒருத்தி, அது போதும். மிச்சத்தை நீ பார்த்துக்கொள்வாய். முதல் சம்பளத்தில் எனக்கு ஒன்றும் வாங்காதே, அம்மாவுக்கு ஒரு சாரி எடு. இரண்டாவது சம்பளத்தில் வேண்டுமானால் என்னை யோசி.

இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துகள், சுகந்தி. வேலைக்கு ஆயிரம் வாழ்த்துகள்.

அன்புடன்,
நிலானி

பி.கு.: பதிலை அனுப்பியதும் எனக்கு ஒரு வரி போடு, எந்த நேரமாக இருந்தாலும். பிறகு, அம்மா தொதல் கிண்டினால் சட்டியில் அடிப்பிடித்த பகுதியைச் சுரண்டி எனக்கு எடுத்து வை. தரக் கட்டுப்பாடு அதை நிராகரிக்கும் என்று தெரியும், எனக்கு அதுதான் வேண்டும்.