புத்தகப் பேச்சு: பின்யா அந்தக் குடையை ஏன் கொடுத்தாள்?

(தகரக் கூரையில் மழை விழும் சத்தம். மெல்லக் குறைக்கவும், ஆனால் முழுசாக நிறுத்த வேண்டாம். அது அடியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரேவதி ஆரம்பிக்க வேண்டும்.)

ரேவதி: வணக்கம், வணக்கம், எல்லாருக்கும் வணக்கம்! இது நம்ம பள்ளி ஊடக மன்றத்தின் புத்தகப் பேச்சு. நான் ஒன்பதாம் வகுப்பு ரேவதி.

கண்ணன்: நான் ஏழாம் வகுப்பு கண்ணன். பின்னால் கேட்கிறது நிஜ மழைதான், யாரும் கம்ப்யூட்டரில் போட்டது இல்லை. வண்டிப்பெரியாற்றில் ஜூன் மாசம் வேறு எப்படி இருக்கும்?

ரேவதி: ஜூன் 19 வாசிப்பு தினம். கேரளா முழுக்க ஊர் ஊராக நூலகம் வரக் காரணமாக இருந்த பி.என். பணிக்கர் சார் 1995-ல் காலமான நாள் அது. அன்றைக்குப் பள்ளிக்கூடங்களில் உறுதிமொழி எடுப்போம், போஸ்டர் ஒட்டுவோம், ஆனால் புத்தகத்தைப் படித்துவிட்டு சண்டை போட யாரும் கூப்பிடுவதில்லை, அதனால் நாங்கள் இரண்டு பேரும் சண்டை போட வந்திருக்கிறோம்.

கண்ணன்: சண்டை உறுதி. புத்தகத்தின் பெயர் தி ப்ளூ அம்ப்ரெல்லா, நீலக் குடை. எழுதியவர் ரஸ்கின் பாண்ட். 1934-ல் கசௌலியில் பிறந்தவர், ரொம்ப காலமாக மசூரி பக்கம் லண்டோரில் இருக்கிறவர். இமயமலையில் கார்வால் பகுதியில் ஒரு சின்ன ஊர், அங்கேதான் கதை.

ரேவதி: சின்னப் புத்தகம், நூறு பக்கம்கூட வராது. நாங்கள் படித்தது ஆங்கிலத்தில். பயப்பட வேண்டாம், வாக்கியங்கள் லேசாகத்தான் இருக்கின்றன, புரியாத வார்த்தை வந்தால் பக்கத்தில் இருக்கிறவரைக் கேட்டால் போதும். சரி கண்ணா, கதையைச் சொல். முழுசையும் ஒரே மூச்சில் கொட்டிவிடாதே.

கண்ணன்: பின்யா என்று ஒரு பொண்ணு, நம்ம வயசுதான். நீலு, கோரி என்று இரண்டு மாடு மேய்க்கிறாள். கழுத்தில் சிறுத்தை நகம் கோத்த மாலை, அது அதிர்ஷ்டம் என்று வீட்டில் போட்டுவிட்டது. ஒருநாள் மாட்டைத் தேடிப் போகும்போது, கீழே சமவெளியில் இருந்து வந்தவர்கள் காட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு நீலக் குடை. பட்டுக் குடை! அதைப் பார்த்ததும் இவளுக்குக் கால் நகரவில்லை. அந்த அம்மாவுக்கோ இவள் கழுத்து நகத்தின் மேல் கண். காசு தருகிறேன் என்கிறார்கள், வேண்டாம் என்கிறாள். கடைசியில் நகம் அங்கே, குடை இங்கே.

ரேவதி: அங்கேயே எனக்கு ஒரு கேள்வி வந்துவிட்டது. டூரிஸ்ட் வந்து நம்ம கழுத்தில் இருப்பதைக் கேட்பது சரியா? தேக்கடிக்கு வருகிறவர்கள் எங்கள் சித்தியைக் கொழுந்துக் கூடையோடு நிற்கச் சொல்லிப் போட்டோ எடுத்துவிட்டு, கூடையை விலைக்குத் தருவீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். சித்தி சிரித்துக்கொண்டே, கூடையைக் கொடுத்துவிட்டு நாளைக்கு எதில் கொழுந்து போடுவது என்று கேட்டாராம்.

கண்ணன்: ஆனால் பின்யா ஏமாறவில்லையே அக்கா. அவளுக்கு அந்த நகத்தைவிடக் குடைதான் வேண்டும்.

ரேவதி: ஒத்துக்கொள்கிறேன். ஒரு பொருளைப் பார்த்து ஆசைப்படுவது தப்பு என்று ரஸ்கின் பாண்ட் எங்கேயும் சொல்லவில்லை, அதுவே எனக்குப் பெரிய ஆறுதல். சிறுவர் கதை என்றாலே ஆசைப்பட்டவன் கெட்டான் என்று முடிப்பார்கள். இங்கே பின்யாவின் ஆசையை எவ்வளவு செல்லமாக எழுதியிருக்கிறார் தெரியுமா? அவள் அந்தக் குடையை மடக்குவதே அபூர்வம். வீட்டுக்குள்ளேகூட ஒரு மூலையில் விரித்தபடியே கிடக்கும்.

கண்ணன்: எங்கள் அப்பத்தா அதைப் பார்த்திருந்தால் அவ்வளவுதான். வீட்டுக்குள் குடை விரித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று விறகுக் கட்டையைத் தூக்கியிருக்கும்.

ரேவதி: (சிரிப்பு) அப்புறம் ஊரில் எல்லாருக்கும் பொறாமை. பள்ளிக்கூட வாத்தியாரின் மனைவி வரும் இடம்தான் எனக்குப் பிடித்த இடம். அவர் பி.ஏ. படித்தவர், அதுவும் செகண்ட் கிளாஸ். படித்த எனக்குக் கறுப்புக் குடை, மாடு மேய்க்கிற பொண்ணுக்கு நீலப் பட்டுக் குடையா என்று அவருக்கு வயிற்றெரிச்சல். வாத்தியார் என்ன சொல்கிறார் தெரியுமா? நம்ம பழைய குடைக்கு நீலச் சாயம் போட்டுவிடலாம் என்கிறார்!

கண்ணன்: பாவம் வாத்தியார்.

ரேவதி: மைக்கைத் தட்டாதே. இப்போது ராம் பரோசாவைச் சொல்.

கண்ணன்: ஊரில் டீக்கடை வைத்திருக்கிறவர். பெயருக்கு அர்த்தமே நம்பகமான ராம். ஆனால் ஆள் அப்படி இல்லை. பசங்களுக்குக் கடனுக்கு மிட்டாய் கொடுப்பார், காசு வரவில்லை என்றால் கத்தியோ பெல்ட்டோ எதையாவது வாங்கி வைத்துக்கொள்வார். அவருக்கு அந்தக் குடை மேல் பைத்தியம். இந்தக் குடையெல்லாம் உனக்கு எதற்கு என்று பேசிப் பார்க்கிறார், விலைக்குக் கேட்கிறார். பின்யா அசையவில்லை. அப்புறம் கடையில் வேலை செய்கிற ராஜாராம் என்ற பையனிடம் கூலி பேசி, குடையைத் தூக்கிவரச் சொல்கிறார். பின்யாவின் அண்ணன் பிஜ்ஜு துரத்திப் பிடித்துவிடுகிறான். பையன் உண்மையைச் சொல்லிவிடுகிறான்.

ரேவதி: இதுவரை எல்லாக் கதையும் மாதிரிதான். திருடன் மாட்டினான், ஊர் கைதட்டியது. ரஸ்கின் பாண்ட் கெட்டிக்காரர், இங்கே கதையை முடிக்காமல் இழுக்கிறார். ஊரே அவர் கடைக்குப் போவதை நிறுத்துகிறது. பசங்கள் அவரை நம்பகமான குடைத் திருடன் என்று கேலி செய்கிறார்கள். யாரும் வராத கடையில் அந்த மனுஷன் தனியாக உட்கார்ந்திருக்கிறார். படிக்கிற நமக்கு, முதலில் நன்றாக வேணும் என்று இருக்கிறது, இரண்டு மூன்று பக்கம் தாண்டியதும் போதுமே, விட்டுவிடுங்களேன் என்று ஆகிவிடுகிறது. நான் வெறுத்த ஒரு ஆளுக்காக என்னையே வருத்தப்பட வைத்துவிட்டார் இந்த எழுத்தாளர், அதற்காகவே இந்தப் புத்தகத்தை ஒன்பதாம் வகுப்புக்காரர்களும் படிக்கலாம், சின்னப் பசங்கள் புத்தகம் என்று ஒதுக்க வேண்டாம்.

கண்ணன்: இனிமேல்தான் சண்டை.

ரேவதி: ஆமாம். முடிவு தெரிய வேண்டாம் என்கிறவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டுப் போய்ப் படித்துவிட்டு வாருங்கள்.

(மூன்று வினாடி மழைச் சத்தம் மட்டும்.)

கண்ணன்: பின்யா என்ன செய்கிறாள் என்றால், ஒருநாள் அந்தக் கடைக்குப் போய், குடையை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறாள். அவர் பதறிப்போய்ப் பின்னாலேயே எடுத்துக்கொண்டு ஓடி வருகிறார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். எனக்கு இது ஆகவே ஆகாது அக்கா! திருடப் பார்த்தது அவர். குடை இவளுடையது. இவள் எதற்குக் கொடுக்க வேண்டும்? பெரியவங்க தப்பு பண்ணினால் சின்னப் பசங்கள்தான் விட்டுக்கொடுக்க வேண்டுமா?

ரேவதி: அவளை யாரும் கொடுக்கச் சொல்லவில்லையே. அம்மா சொல்லவில்லை, அண்ணன் சொல்லவில்லை, ஊர்ப் பெரியவர்கள் பஞ்சாயத்து வைத்துச் சொல்லவில்லை. அவளாகத்தான் போகிறாள். தன்னால் ஒருத்தர் கடை படுத்துவிட்டதே என்று அவளுக்கு உறுத்துகிறது. முன்னே மடக்காத குடையை, அந்தக் கடைப் பக்கம் போகும்போது மடக்க ஆரம்பிக்கிறாள். ஒரு பொருளை வைத்திருப்பதில் சந்தோஷம் போய்விட்டால் அப்புறம் அது வெறும் கம்பியும் துணியும்தானே?

கண்ணன்: பேசுவதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. உன் புது சைக்கிளை நான் திருடப் பார்த்து மாட்டிக்கொண்டால் எனக்கே கொடுத்துவிடுவாயா?

ரேவதி: உனக்கா? மாட்டேன்.

கண்ணன்: பார்த்தீர்களா நேயர்களே!

ரேவதி: இரு, இரு. நீ சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. அவர் கடைசியில் சும்மா வாங்கி வைத்துக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்துச் சொல். அவருக்கு ஒரு கரடி நகம் கிடைக்கிறது, அதை வெள்ளியில் கட்டிப் பின்யாவுக்குக் கொடுக்கிறார். சிறுத்தை நகத்தைவிட இது அதிர்ஷ்டம் என்கிறார். குடையையும் பூட்டி வைக்கவில்லை, கேட்கிறவர்களுக்கு எல்லாம் இரவல் கொடுக்கிறார்.

கண்ணன்: அந்த இடம் எனக்கும் பிடித்தது. ஆனால் ராஜாராம் என்ன ஆனான்? ஏழைப் பையன், கூலிக்குத் தூக்கினான், அடி வாங்கினான். அவனுக்கு யாரும் எதையும் கொடுக்கவில்லை. கதை அவனை அப்படியே விட்டுவிடுகிறது.

ரேவதி: இது சரியான குறை. நானும் குறித்து வைத்திருந்தேன். ராம் பரோசாவை மன்னிக்க இவ்வளவு பக்கம் செலவழித்த எழுத்தாளர் அந்தப் பையனுக்கு ஒரு பக்கம் கொடுத்திருக்கலாம். இன்னொன்று, பின்யா கொஞ்சம் அதிகமாகவே நல்லவளாக இருக்கிறாள். கொடுத்த அன்றைக்கு ராத்திரி ஒரு தடவையாவது, சே, கொடுத்திருக்க வேண்டாமோ என்று அவளை நினைக்க வைத்திருந்தால் எனக்கு இன்னும் நெருக்கமாக இருந்திருக்கும்.

கண்ணன்: குடையைப் பற்றி நீ வேறொன்று சொன்னாயே, அதையும் சொல்.

ரேவதி: அதுவா. இந்தப் பக்கம் புதுக் குடை வாங்காமல் பள்ளிக்கூடம் திறக்காது. விசில் வைத்த குடை, பூப்போட்ட மடக்குக் குடை என்று ஒவ்வொருத்தரும் காட்டிக்கொண்டு வருவோம். ஆனால் எங்கள் அம்மா மழையில் கொழுந்து எடுக்கும்போது குடை பிடிக்க முடியாது, இரண்டு கையும் செடியில் இருக்கும். இடுப்பிலும் தலையிலும் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டு, காலில் அட்டை ஏறுவதைத் தட்டிவிட்டுக்கொண்டு நிற்பார்கள். குடை என்பது கை சும்மா இருக்கிறவர்களுக்குத்தான் என்று இந்தப் புத்தகத்தைப் படிக்கும்போதுதான் தோன்றியது. பின்யாவும் ஒரு கையில் குடை, கண் மாட்டின் மேல். அவளுக்கு அது வேலைக்கு உதவுகிற சாமான் இல்லை, அழகு. அவளிடம் இருந்த ஒரே அழகான பொருளை ஊர் முழுக்கக் கண் வைத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

கண்ணன்: எங்கள் கம்பத்துத் தாத்தா மழைக்குக் குடை எடுத்து நான் பார்த்ததில்லை, வெயிலுக்குத்தான். குமுளி மலை இறங்கினால் வேறு உலகம்.

ரேவதி: சரி, மார்க் போடுவோமா?

கண்ணன்: பத்துக்கு ஏழு. ராஜாராமுக்காக இரண்டு கட், குடையைக் கொடுத்ததற்கு ஒன்று கட்.

ரேவதி: நான் எட்டரை. படிக்க நினைக்கிறவர்கள் நூலக அலமாரியில் ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் இருக்கும் தட்டில் தேடுங்கள், ஒல்லியான புத்தகம், பெரிய அகராதிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். படித்துவிட்டு, பின்யா கொடுத்தது சரியா தப்பா என்று ஒரு நிமிஷத்துக்குள் பேசி, கம்ப்யூட்டர் அறையில் இருக்கும் அக்காவிடம் பென் டிரைவில் கொடுங்கள். அடுத்த வாரம் போடுவோம்.

கண்ணன்: தப்பு என்று சொல்கிறவர்களுக்கு முதலில் சான்ஸ்.

ரேவதி: அதெல்லாம் கிடையாது!

கண்ணன்: ஏன், நான்தானே எடிட் பண்ணப் போகிறேன்...

(பெல் சத்தம் வந்தால் அப்படியே விடவும். இசை. முடிவு.)