எண்ணெய்க் கறை

சிம்மக்கல் பக்கத்துச் சந்தில் அந்த வீடு. நடுவில் கல் பாவிய முற்றம். முன்கட்டில் வீட்டுக்காரத் தாத்தா, பின்கட்டில் நான், மனைவி செல்வி, மகள் என்று மூன்று பேர். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் எனக்கு எடை போடுகிற வேலை. ராத்திரி இரண்டரைக்கு வண்டியை மிதித்தால்தான் மல்லிகை மூட்டை இறங்கும்போது கடையில் நிற்க முடியும்.

பங்குனி வெயில் ஏறியதும் தாத்தா கயிற்றுக்கட்டிலை முற்றத்துக்குக் கொண்டுவந்தார். "வண்டி இனிமே தெருவுல நிக்கட்டும்" என்றார். ராத்திரிச் சத்தம் தாங்காமல் சொல்கிறார் என்று நினைத்து நிறுத்தினேன். இரண்டாம் நாளே எவனோ பெட்ரோலை உறிஞ்சிவிட்டான். மறுபடி உள்ளே ஏற்றினேன். மறுநாள் நடையை அடைத்துக்கொண்டு ஆட்டுக்கல் கிடந்தது. 78 வயதில் எப்படித்தான் உருட்டினாரோ.

"வாடகை குடுத்துத்தான இருக்கோம்? சும்மாவா இருக்கோம்?"

"அப்ப மாசக் கடைசியில காலி பண்ணிக்க."

மூன்று நாள் பேச்சில்லை. அவர் கட்டிலைத் தாண்டும்போது என் மகள்கூடக் கொலுசைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

நாலாம் நாள் மத்தியானம் செல்வி காய்ந்த துணியை எடுக்கப் போயிருக்கிறாள். தாத்தா குந்தி உட்கார்ந்து, வண்டி நின்ற இடத்தில் தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாராம். கல்லில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக எஞ்சின் ஆயில்.

"எங்க வீட்டுல அவ 41 வருசம் இங்கதாம்மா கோலம் போட்டா. இது போவேனாங்குது."

செல்வி அவர் கையிலிருந்த நாரை வாங்கிக்கொண்டாள். மண்ணெண்ணெய், சாம்பல், பிறகு சீயக்காய். கறை வெளிறியது, முழுசாகப் போகவில்லை. அன்று ராத்திரி சோறு போடும்போது, "அவுகளுக்குச் சத்தம் இல்லைங்க பிரச்சினை" என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

கட்டில் காலடியில் போய் உட்கார்ந்தேன். "தாத்தா, வாடகைப் பேச்சு பேசினது தப்பு."

வெகுநேரம் விசிறிக்கொண்டிருந்தார். "கல்லப் போட்டது மட்டும் சரியாப்பா? பிள்ளைய வச்சிருக்கவன்கிட்ட காலி பண்ணுன்னுட்டேன்."

அப்போதே எழுந்து ஆட்டுக்கல்லை நகர்த்தினோம். நான் தூக்கப் போனேன். "இடுப்பு போயிரும், விடு" என்று ஒரு பக்கமாகச் சாய்த்து, விளிம்பிலேயே திருப்பித் திருப்பி மூலைக்கு நடத்திக் காட்டினார்.

வண்டிக்கு ஆயில் சீல் மாற்றினேன். குளியலறைச் சுவரோரம் தகரமும் சாக்கும் விரித்து அதன்மேல் நிறுத்துவது, டீக்கடை முக்கு வரை தள்ளிக்கொண்டுபோய் அங்கே மிதிப்பது என்று பேசிக்கொண்டோம். முற்றத்து நடு அவருக்கு.

மறுநாள் இரண்டரைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தால் கட்டிலில் ஆள் இல்லை. நடையில் பலகை சாய்த்திருந்தது. தாழ்ப்பாளை நீக்கி, கதவைச் சத்தமில்லாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பைய வா. படி இருக்கு."