நண்பருக்கு 100, சொன்னவருக்கு 50: நம் கடைக்கான பரிந்துரைச் சலுகை

அக்கா,

போன தீபாவளிக்கு NANBAN100 என்று எல்லோருக்கும் ஒரே கூப்பன் விட்டோமே, அந்தக் கணக்கை நேற்று மறுபடி எடுத்துப் பார்த்தேன். இரண்டே நாளில் 63 ஆர்டர். யாரோ அதைக் கூப்பன் தளம் ஒன்றில் போட்டுவிட்டார்கள். அந்த 63 பேரில் 41 பேர் ஏற்கெனவே நம்மிடம் எண்ணெய் வாங்குகிறவர்கள். யார் சொல்லி யார் வந்தார்கள் என்று ஒருவரைப் பற்றியும் நம்மால் சொல்ல முடியவில்லை. பல்லடத்து டீச்சர் தன் தெருவில் நாலு வீட்டுக்குச் சொன்னதாகப் போனில் சொன்னார். அவருக்கு நாம் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

இந்த முறை ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி லிங்க். அவர் சொல்லி வந்த புது ஆள் வாங்கி, பொருள் கைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் பரிசு.

எவ்வளவு தரலாம்

நம் சராசரி ஆர்டர் ₹850. பேக்கிங், கூரியர் எல்லாம் போகக் கையில் நிற்பது சுமார் 28 சதவீதம், அதாவது ₹238. இன்ஸ்டாகிராம் விளம்பரத்தில் ஒரு புது வாடிக்கையாளரைப் பிடிக்க இப்போது ₹210 வரை போகிறது. பரிந்துரைக்கு மொத்தம் ₹150 ஒதுக்கலாம் என்பது என் கணக்கு. ₹600 ஆர்டரில் லாபம் ₹168, அதில் 150 போனாலும் கைக்கடி இல்லை. ₹500 ஆர்டர் என்றால் லாபமே 140தான், நட்டம். அதனால் குறைந்தபட்சம் ₹600 என்பதை மட்டும் யாருக்காகவும் தளர்த்த வேண்டாம்.

அந்த 150ஐ ஆளுக்குப் பாதி என்று பிரிக்கத்தான் முதலில் நினைத்தேன். டீச்சர் பேசியது ஞாபகம் வந்ததும் மாற்றிவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் நல்லெண்ணெய் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அதில் காசு பார்த்த மாதிரி தெரிந்தால் அவருக்குக் கூச்சம். ஆகவே புதியவருக்கு ₹100 தள்ளுபடி, சொன்னவருக்கு ₹50. “உங்களுக்கு நூறு ரூபாய் குறையும்” என்றால் யாருக்கும் வாய் கூசாது.

சொன்னவரின் ₹50 பணமாகப் போகாது. அவர் கணக்கில் வரவாக நிற்கும், அடுத்த ஆர்டரில் கழியும், 180 நாள் செல்லும். பில்லிலேயே தள்ளுபடியாகக் காட்டிவிட்டால் கழித்தது போக மீதித் தொகைக்குத்தான் ஜிஎஸ்டி. ஆடிட்டருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

லிங்க்

ஒவ்வொருவருக்கும் ஆறு எழுத்துக் கோட்: TK7M4R மாதிரி. 0, O, 1, I, L ஐந்தையும் விட்டுவிட்டேன், போனில் படித்துச் சொல்லும்போது குழப்பும். மீதி 31 எழுத்திலேயே 88 கோடிக்கு மேல் கோட் வரும். நம்மிடம் இருப்பதோ 1,900 வாடிக்கையாளர்கள். பெயரையோ மொபைல் எண்ணையோ கோடில் வைக்க மாட்டேன்.

லிங்க்கின் கடைசியில் `?ref=TK7M4R` என்று இருக்கும். யாராவது தட்டியதும் நம் சர்வர் 30 நாளைக்கு ஒரு குக்கி வைக்கும். பக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் வைத்தால் ஐபோன் சஃபாரியில் அது ஏழு நாளில் போய்விடும், அதனால்தான் சர்வர் வழி. இன்ஸ்டாகிராமில் தட்டினால் அந்த ஆப்புக்குள்ளேயே பக்கம் திறக்கும். அதே ஆள் ராத்திரி குரோமில் வந்து வாங்கினால் பழைய குக்கி அங்கே இருக்காது. இதற்காகச் செக்அவுட்டில் “யார் சொல்லி வந்தீர்கள்? கோட் இருந்தால் இங்கே” என்று ஒரு பெட்டி வைக்கிறேன். குக்கியில் ஒரு கோடும் பெட்டியில் வேறு கோடும் இருந்தால் கையால் அடித்ததுதான் செல்லும். டீச்சர் போன்றவர்கள் லிங்க் அனுப்பப் போவதில்லை, கோடைத் துண்டுச் சீட்டில்தான் எழுதிக் கொடுப்பார்கள்.

ஒரு சின்ன விஷயம்: வாட்ஸ்அப்பில் லிங்க்கை ஒட்டியதுமே முன்னோட்டப் படத்துக்காக வாட்ஸ்அப்பே நம் பக்கத்தை ஒரு தடவை எடுக்கும். அதை வருகையாக எண்ணினால் ஒருவரும் தட்டாமலே எண்ணிக்கை ஏறும். அதைக் கழித்துவிடுகிறேன். எப்படியும் பரிசு ஆர்டரை வைத்துத்தான்.

கணக்கு

```sql
CREATE TABLE referrals (
  id          INTEGER PRIMARY KEY,
  referrer_id INTEGER NOT NULL,
  friend_id   INTEGER NOT NULL UNIQUE,
  order_id    INTEGER NOT NULL UNIQUE,
  status      TEXT NOT NULL, -- pending, paid, cancelled
  due_on      DATE
);
```

இதில் இரண்டு UNIQUEதான் காவல்காரர்கள். ஒரு நண்பர் வாழ்நாளில் ஒரு தடவைதான் “புதியவர்”. பேமென்ட் கேட்வே ஒரே ஆர்டருக்கு இரண்டு தடவை தகவல் அனுப்பினாலும் பதிவு ஒன்றுதான் விழும்.

ஆர்டர் வந்ததும் pending. டெலிவரி ஆன நாளிலிருந்து ஏழு நாள் தள்ளி due_on, நம் ரிட்டர்ன் கெடுவும் ஏழு நாள்தானே. கேஷ் ஆன் டெலிவரியில் பார்சல் திரும்பி வந்தால் cancelled. தினமும் ராத்திரி ஒரு வேலை ஓடி, கெடு முடிந்ததை paid ஆக்கி, வரவேட்டில் +50 எழுதும். “மீதி எவ்வளவு” என்று ஒரே எண்ணை வைத்து மாற்றிக்கொண்டிருக்கப் போவதில்லை. நம் மளிகைப் பற்று நோட்டு மாதிரி வரவும் செலவும் வரி வரியாக இருக்கும், கூட்டினால் மீதி. யாராவது “என் அம்பது ரூபாய் எங்கே” என்று கேட்டால் தேதியோடு சொல்லலாம்.

மொபைல் எண்ணின் கடைசி பத்து இலக்கத்தை வைத்துத்தான் ஆள் பழையவரா புதியவரா என்று பார்ப்பேன், +91 போட்டாலும் 0 போட்டாலும் ஏமாறாது. சொன்னவரும் வாங்கியவரும் ஒரே முகவரி என்றால் தானாக எதுவும் போகாது, நீங்கள் பார்த்து விடலாம். ஒருவர் சொல்லி வந்தவர்கள் ஒரு மாதத்தில் பத்துக்கு மேல் போனாலும் அப்படியே. வேறு கூப்பனோடு சேராது. நண்பர்களின் நம்பரை நாம் கேட்டு வாங்கப் போவதே இல்லை, அவரவரே அனுப்பட்டும்.

வாடிக்கையாளருக்குப் போகும் செய்தி

டெலிவரி ஆன மூன்றாம் நாள் இது போகும்:

> வணக்கம். எண்ணெய் பிடித்திருந்தால் தெரிந்தவர்களுக்கும் சொல்லுங்கள். உங்கள் கோட் TK7M4R. முதல் தடவை வாங்குகிறவருக்கு, ₹600க்கோ அதற்கு மேலோ வாங்கினால், ₹100 குறையும். அவருக்குப் பொருள் சேர்ந்து ஏழு நாள் கழித்து உங்கள் கணக்கில் ₹50 ஏறும். 180 நாளுக்குள் அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள்ளலாம்.

ஐம்பது ரூபாய் ஏறியதும் இன்னொன்று:

> நீங்கள் சொல்லி ஒருவர் வாங்கியிருக்கிறார், நன்றி. உங்கள் கணக்கில் ₹50 வரவு வைத்திருக்கிறோம்.

இதில் யார் வாங்கினார், என்ன வாங்கினார் என்று சொல்லவே கூடாது. அது அவர்களுக்குள் இருக்கட்டும்.

முதலில் மூன்று தடவைக்கு மேல் வாங்கிய 40 பேருக்கு மட்டும் விட்டுப் பார்க்கலாம். டீச்சர் அதில் இருக்கிறார். ஒரு மாதம் பொறுத்து, வந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாம் தடவை வாங்கினார்கள் என்று பார்த்துவிட்டு மீதிப் பேருக்குத் திறக்கலாம்.

உங்களிடம் கேட்க இரண்டுதான். பொடி வகைகளையும் ₹600 கணக்கில் சேர்க்கலாமா? லாபம் அதில் குறைவு, எனக்கு வேண்டாம் என்றுதான் படுகிறது. அப்புறம், டீச்சருக்குப் போன தீபாவளியின் அந்த நாலு வீட்டுக்காக ₹200 வரவை நான் இப்போதே கையால் எழுதிவிடவா?